ஒரு பிளாக், மூன்று கோர்: மெசி நிலைகளை வரிக்கு வரி டிரேஸ் போடுவது எப்படி?

கேஷ் கோஹிரன்ஸ் பாடத்தில் மெசி நிலைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். நான்கு வட்டம், அவற்றுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாக அம்புகள். அதை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் "P1 இப்போது x-ல் எழுதுகிறது, P0-வில் என்ன ஆகும், மெமரியில் என்ன இருக்கும்?" என்று கேட்டால் பலருக்கும் தடுமாற்றம். காரணம் எளிது. அந்தப் படம் ஒரு கேஷ் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் காட்டுகிறது. நடப்பதோ மூன்று நான்கு கேஷ்களில் ஒரே நேரத்தில்.

அதனால் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு பிளாக்கை எடுத்துக்கொண்டு, அது மூன்று கோர்களுக்கு இடையே படும் பாட்டை ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்ப்போம்.

## முதலில் களம்

மூன்று கோர்கள்: P0, P1, P2. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 32 KB கேஷ், 8-வே, பிளாக் அளவு 64 பைட். கணக்குப் போட்டால் 64 செட்கள். மூன்று கேஷ்களும் மெமரியும் ஒரே பஸ்ஸில் தொங்குகின்றன. கேஷ் ரைட்-பேக் வகை, அதாவது எழுதியது உடனே மெமரிக்குப் போகாது. எழுத வேண்டிய பிளாக் கேஷில் இல்லையென்றால் முதலில் அதைக் கொண்டுவந்த பிறகுதான் எழுதும்.

நாம் பார்க்கப்போகும் பிளாக் 0x1A40-ல் தொடங்கி 0x1A7F-ல் முடிகிறது. முகவரியின் கடைசி 6 பிட் பிளாக்குக்குள் இருக்கும் இடம். அதற்கு மேலே உள்ள 6 பிட் செட் எண், இங்கே 41. இந்த பிளாக்கில் இரண்டு மாறிகள் குடியிருக்கின்றன: 0x1A40-ல் x, 0x1A48-ல் y. இரண்டும் 8 பைட். தொடக்கத்தில் மெமரியில் x = 5, y = 0. இரண்டும் ஒரே பிளாக்கில் இருப்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

பஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு பரிவர்த்தனைதான் நடக்கும், அது முழுதாக முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்று வைத்துக்கொள்கிறோம். இது எளிமைப்படுத்தல்தான். எங்கே இது நம்மை ஏமாற்றும் என்று பின்னால் பார்ப்போம்.

## நான்கு எழுத்துகள் உண்மையில் சொல்வது

M, அதாவது மாடிஃபைட்: இந்த பிளாக் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, நான் அதை மாற்றியும்விட்டேன், மெமரியில் இருப்பது பழையது. E, எக்ஸ்க்ளூசிவ்: என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் மெமரியில் இருப்பதும் இதுவே. S, ஷேர்ட்: என்னிடம் இருக்கிறது, வேறு யாரிடமாவதும் இருக்கலாம், மெமரியும் சரியாக இருக்கிறது. I, இன்வாலிட்: என்னிடம் இல்லை, அல்லது இருப்பது செல்லாது.

S-க்கான வரையறையில் "இருக்கலாம்" என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டிருக்கிறேன். "வேறு யாரிடமோ நிச்சயம் இருக்கிறது" என்று படித்தவர்கள் எட்டாவது, ஒன்பதாவது வரிகளில் தவறு செய்வார்கள்.

பஸ்ஸில் நான்கு வகைப் பேச்சுதான் நடக்கும். BusRd என்றால் "படிக்க வேண்டும், பிளாக்கைக் கொடுங்கள்". BusRdX என்றால் "எழுதப்போகிறேன், பிளாக்கைக் கொடுங்கள், கொடுத்துவிட்டு உங்கள் நகலை அழித்துவிடுங்கள்". BusUpgr என்றால் "பிளாக் என்னிடமே இருக்கிறது, டேட்டா வேண்டாம், உங்கள் நகலை மட்டும் அழியுங்கள்". BusWB என்றால் "மாற்றிய பிளாக்கை மெமரிக்குத் திருப்பி அனுப்புகிறேன்". M-ல் வைத்திருக்கும் கேஷ், வேறு கோரின் கோரிக்கையைக் கேட்டுத் தன் டேட்டாவைப் பஸ்ஸில் போடுவதை ஃப்ளஷ் என்போம். நமது அமைப்பில் ஃப்ளஷ் ஆகும் டேட்டாவைக் கேட்டவரும் எடுத்துக்கொள்வார், மெமரியும் எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பேச்சையெல்லாம் எல்லாக் கேஷ்களும் ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் இதற்கு ஸ்நூப்பிங் என்று பெயர். ஒட்டுக்கேட்பதோடு, ஒரு பொதுக் கம்பியும் உண்டு. யாராவது BusRd போட்டால், அந்த பிளாக்கை வைத்திருக்கும் எந்தக் கேஷும் அந்தக் கம்பியை உயர்த்தும். கேட்டவர் அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் E-யா S-ஆ என்று முடிவு செய்கிறார். இதை ஷேர்ட் கம்பி என்றே சொல்லலாம்.

## டிரேஸ் தாளில் என்ன பத்திகள்?

வரி எண், என்ன செயல், பஸ்ஸில் என்ன, P0, P1, P2-வின் நிலைகள், கடைசியாக மெமரியில் x, y. அந்தக் கடைசிப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நிலைகளுக்கு அடுத்து மிக அவசியமானது அதுதான். ஃப்ளஷ் எங்கே நடக்க வேண்டும் என்பதை மறந்தால், அந்தத் தவறு அங்கே மட்டும்தான் கண்ணில் படும்.

ஒவ்வொரு வரியையும் ஒரே வரிசையில் யோசியுங்கள். செயல் செய்யும் கோரில் இப்போது என்ன நிலை? அந்த நிலையில் இந்தச் செயலுக்குப் பஸ் தேவையா? தேவையென்றால், கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற இருவரும் தத்தம் நிலையைப் பார்த்து என்ன செய்வார்கள்? இதெல்லாம் முடிந்த பிறகுதான் செயல் செய்த கோரின் புது நிலையை எழுத வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே எழுதினால், E-யா S-ஆ என்பதில் தவறிவிடும்.

## வரி வரியாக

வரி 1. P0, x-ஐப் படிக்கிறது. எல்லோரும் I. எனவே மிஸ், BusRd. P1-இடமும் P2-இடமும் பிளாக் இல்லை, ஷேர்ட் கம்பி உயரவில்லை. மெமரி டேட்டாவைக் கொடுக்கிறது. P0 போய் உட்காரும் நிலை E.

வரி 2. P0, x = 6 என்று எழுதுகிறது. P0 E-ல் இருக்கிறது, வேறு யாரிடமும் நகல் இல்லை என்பது உறுதி. யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சத்தமில்லாமல் E, M ஆகிறது. பஸ்ஸில் ஒன்றும் இல்லை. மெமரியில் இன்னும் 5.

மெசியில் E என்ற நிலை இருப்பதே இந்த வரிக்காகத்தான். E இல்லாத மூன்று நிலை நெறிமுறையில் வரி 1 முடியும்போது P0 S-ல் இருந்திருக்கும். அப்போது வரி 2-ல், கேட்பதற்கு ஆளே இல்லாத பஸ்ஸில் ஒரு BusUpgr போட வேண்டியிருக்கும். ஒரு நிரல் தொடும் டேட்டாவில் பெரும்பகுதி அந்த நிரலுக்கே சொந்தமானது. படித்து உடனே எழுதுவதும் மிகச் சாதாரணம். அதற்கெல்லாம் பஸ்ஸை மறிப்பது வீண். 1984-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மார்க் பாப்பமார்க்கோஸும் ஜனக் படேலும் இதை முன்வைத்தார்கள். அதனால் மெசியை இல்லினாய் நெறிமுறை என்றும் சொல்வதுண்டு.

வரி 3. P1, x-ஐப் படிக்கிறது. P1-இல் I, BusRd. P0 ஒட்டுக்கேட்கிறது: தன்னிடம் M. மெமரியில் இருப்பது பழைய 5 என்பது அதற்குத் தெரியும். மெமரியை நிறுத்தி வைத்துவிட்டு, தானே ஃப்ளஷ் செய்கிறது. P1 6-ஐப் பெறுகிறது, மெமரியும் 6 ஆகிறது. P0 M-லிருந்து S-க்கு இறங்குகிறது; ஷேர்ட் கம்பி உயர்ந்ததால் P1-உம் S.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, P0-வை I ஆக்கிவிடுவது. படிப்பதற்காக வந்த கோரிக்கை யாருடைய நகலையும் அழிக்காது. நிலை இறங்கும், அவ்வளவுதான்.

வரி 4. P2, x-ஐப் படிக்கிறது. BusRd. P0, P1 இருவரும் S, கம்பியை உயர்த்துகிறார்கள். மெமரி சரியாக இருப்பதால் அதுவே கொடுக்கிறது. P2-உம் S. மூல இல்லினாய் வடிவத்தில் இந்த இடத்திலும் ஒரு கேஷ்தான் டேட்டாவைக் கொடுக்கும். இருவரிடம் இருந்தால் யார் கொடுப்பது என்று அவர்களுக்குள் ஒரு முன்னுரிமை வேண்டும். நாம் மெமரியே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம், நிலைகள் மாறப்போவதில்லை.

வரி 5. P1, x = 7 என்று எழுதுகிறது. P1-இடம் S இருக்கிறது. டேட்டா தேவையில்லை, அனுமதி மட்டும்தான் தேவை. BusUpgr. P0-வும் P2-வும் அதைக் கேட்டுத் தங்கள் நகலை I ஆக்குகின்றன. P1 M. மெமரியில் 6-தான். இன்வாலிடேட் நெறிமுறை என்ற பெயருக்குக் காரணமான வரி இது. புது மதிப்பு 7 பஸ்ஸில் போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டது "உங்களிடம் இருப்பது இனிச் செல்லாது" என்பது மட்டும்.

வரி 6. P0, y = 9 என்று எழுதுகிறது. நிதானிக்க வேண்டிய வரி. P0-விடம் I, எழுத வேண்டும், எனவே BusRdX. P1 ஒட்டுக்கேட்கிறது, தன்னிடம் M. ஃப்ளஷ் செய்துவிட்டு I ஆகிறது. P0 அந்த பிளாக்கைப் பெற்று y-ஐ 9 ஆக்குகிறது, நிலை M.

"எப்படியும் மேலே எழுதத்தானே போகிறது, P1-இன் பழைய டேட்டா எதற்கு?" என்று இங்கே கேட்கத் தோன்றும். எழுதப்படுவது 8 பைட், பிளாக் 64 பைட். மீதி 56 பைட்டும் P1-இடம் மட்டுமே சரியாக இருக்கின்றன, x = 7 உட்பட. ஃப்ளஷ் இல்லாமல் மெமரியிலிருந்து எடுத்திருந்தால் P0-வின் நகலில் x = 6 என்று இருக்கும்; P1 எழுதிய 7 தடயமில்லாமல் போயிருக்கும். இப்போது P0-வின் கேஷில் x = 7, y = 9. மெமரியில் ஃப்ளஷ் கொடுத்த x = 7, y = 0. சில வடிவமைப்புகளில் இந்த வகை ஃப்ளஷ் நேராகப் புது உரிமையாளருக்குப் போகும், மெமரி அதை எடுத்துக்கொள்ளாது. P0 M என்பதால் மெமரி பழையதாக இருந்தாலும் பாதகமில்லை.

வரி 7. P2, x-ஐப் படிக்கிறது. BusRd, P0 ஃப்ளஷ் செய்து S-க்கு வருகிறது, P2 S. மெமரி 7, 9. P1 I-யிலேயே கிடக்கிறது, அதற்கும் இந்தப் பரிவர்த்தனைக்கும் சம்பந்தமில்லை.

வரி 8. P0-விலிருந்து பிளாக் வெளியேறுகிறது. இது எப்படி நடக்கும்? 64 செட், 64 பைட் பிளாக் என்பதால் 4096 பைட் இடைவெளியில் உள்ள முகவரிகள் எல்லாம் ஒரே செட்டில் விழும். P0 வரிசையாக 0x2A40, 0x3A40 என்று 0x9A40 வரை எட்டு பிளாக்குகளைப் படித்தால், செட் 41-இன் எட்டு இடங்களும் அவற்றால் நிரம்பி, எல்லாவற்றிலும் பழையதான நமது பிளாக் வெளியே தள்ளப்படும். S நிலையில் இருந்ததால் மெமரியிலும் அதே டேட்டாதான். யாருக்கும் சொல்லாமல் போட்டுவிடலாம். நமது பிளாக்கைப் பொறுத்தவரை பஸ்ஸில் ஒன்றும் இல்லை. P0 I.

இப்போது பிளாக் இருப்பது P2-விடம் மட்டும்தான். ஆனால் P2-வின் நிலை இன்னும் S. P0 போனது அதற்குத் தெரியாது, தெரிவிக்க வழியும் இல்லை. கடைசி ஆளாக மிஞ்சிய S தானாக E ஆகாது.

வரி 9. P2, x = 8 என்று எழுதுகிறது. மேலிருந்து பார்க்கும் நமக்கு, வேறு யாரிடமும் நகல் இல்லை என்று தெரியும். P2-வுக்குத் தெரியாது. எனவே BusUpgr போட்டே தீர வேண்டும். யாரும் எதையும் அழிக்கப்போவதில்லை, ஆனாலும் பஸ் பயன்பட்டது பயன்பட்டதுதான். P2 M. விடைத்தாளில் இங்கே "பஸ் தேவையில்லை" என்று எழுதுபவர்கள், டிரேஸ் தாளின் எல்லாப் பத்திகளையும் P2 பார்க்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வரி 10. P2-விலிருந்து பிளாக் வெளியேறுகிறது. M என்பதால் சத்தமில்லாமல் போக முடியாது. BusWB. மெமரி x = 8, y = 9. எல்லோரும் I.

வரி 11. P1, y-ஐப் படிக்கிறது. BusRd, கம்பி உயரவில்லை, மெமரி கொடுக்கிறது. P1 E.

முழுத் தாள் இப்படி இருக்கும்:

```
 #  செயல்        பஸ்              P0 P1 P2   மெமரி x,y
 0  -            -                I  I  I    5,0
 1  P0 R x       BusRd            E  I  I    5,0
 2  P0 W x=6     -                M  I  I    5,0
 3  P1 R x       BusRd + flush    S  S  I    6,0
 4  P2 R x       BusRd            S  S  S    6,0
 5  P1 W x=7     BusUpgr          I  M  I    6,0
 6  P0 W y=9     BusRdX + flush   M  I  I    7,0
 7  P2 R x       BusRd + flush    S  I  S    7,9
 8  P0 evict     -                I  I  S    7,9
 9  P2 W x=8     BusUpgr          I  I  M    7,9
10  P2 evict     BusWB            I  I  I    8,9
11  P1 R y       BusRd            I  E  I    8,9
```

## தாளைச் சரிபார்ப்பது

ஒவ்வொரு வரி முடிந்ததும் இரண்டே விஷயங்களைப் பாருங்கள். ஒன்று: ஒருவர் M அல்லது E-ல் இருந்தால் மற்ற எல்லோரும் I-ல் இருக்கிறார்களா? M-உம் S-உம் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எங்கோ இன்வாலிடேட் விட்டுப்போயிருக்கிறது, அல்லது வரி 3-ஐப் போன்ற இடத்தில் M-ஐ இறக்க மறந்திருக்கிறீர்கள். இரண்டு: வரியில் M யாருமே இல்லையென்றால், மெமரியின் மதிப்பும் கடைசியாக எழுதப்பட்ட மதிப்பும் ஒன்றா? இல்லையென்றால் ஒரு ஃப்ளஷோ BusWB-யோ விடுபட்டிருக்கிறது. வரி 3-ல் ஃப்ளஷை மறந்தவருக்கு மெமரிப் பத்தியில் 5 என்றே நிற்கும். நிலைகள் எல்லாம் சரியாக இருக்கும். அந்தப் பத்தி இல்லாமல் இந்தத் தவறு தெரியவே தெரியாது.

## இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத வந்தால்

இதுவரை கோர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்தார்கள். நிஜத்தில் அப்படி வரமாட்டார்கள். வரி 4-க்குத் திரும்புவோம்: S, S, S, மெமரி 6, 0. இப்போது P0, y = 11 என்று எழுத விரும்புகிறது. அதே நேரத்தில் P2, x = 20 என்று எழுத விரும்புகிறது. இருவரிடமும் S இருப்பதால் இருவரும் BusUpgr-ஐத் தயாராக வைத்துக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பஸ்ஸை யாருக்குத் தருவது என்பதை ஆர்பிட்டர் முடிவு செய்கிறது. P0-வுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். P0-வின் BusUpgr போகிறது, P1 I, P2-வும் I. P0 M ஆகி y-ஐ 11 ஆக்குகிறது. அடுத்து P2-வின் முறை. அதன் கையில் இருப்பது சற்றுமுன் தயார் செய்த BusUpgr. அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்?

BusUpgr-இன் பொருள் "டேட்டா என்னிடமே இருக்கிறது" என்பது. அதைக் கேட்ட P0 ஃப்ளஷ் செய்யாமல் I ஆகிவிடும். P2 தன்னிடம் கிடந்த செல்லாத பழைய நகலில் x = 20 என்று எழுதி M என்று அறிவித்துக்கொள்ளும். P2-வின் பிளாக்கில் இப்போது x = 20, y = 0. P0 எழுதிய 11 எங்கும் இல்லை.

சரி, தீர்வு என்ன? BusUpgr காத்திருக்கும் நேரத்திலும் P2 ஒட்டுக்கேட்பதை நிறுத்தக்கூடாது. தன் பிளாக்குக்கு வேறொருவரின் BusUpgr-ஓ BusRdX-ஓ போவதைக் கேட்டால், தன் நகலை I ஆக்குவதோடு, கையில் இருக்கும் BusUpgr-ஐ BusRdX ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது P0 முறைப்படி ஃப்ளஷ் செய்யும், P2-வுக்கு 6, 11 கிடைக்கும், எழுதிய பிறகு 20, 11. எதுவும் தொலையவில்லை.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். இருவரும் ஒரே x-ல் வெறுமனே எழுதியிருந்தால், தவறான வன்பொருளிலும் கடைசியில் x = 20 என்று சரியான விடையே வந்திருக்கும். பிழை இருக்கிறது, தெரியாது. பிளாக்கில் வேறு சொல்லை எழுதினால்தான், அல்லது பழைய மதிப்பைப் படித்துக் கூட்டி எழுதும் அணுச்செயலாக இருந்தால்தான் வெளியே வரும். நெறிமுறையைச் சோதிக்க எழுதும் டிரேஸில் ஒரே மாறியை மட்டும் வைத்துக்கொள்வது போதாது என்பதற்கு இதுவே காரணம். x-உடன் y-யையும் சேர்த்துக்கொண்டது இதற்காகத்தான்.

S-லிருந்து M-க்குப் போகக் கேட்டு, இன்னும் போய்ச் சேராத அந்த இடைப்பட்ட நேரம் நான்கு வட்டப் படத்தில் இல்லை. உண்மையான கன்ட்ரோலரில் அதற்கும் தனி நிலை வேண்டும். கோரிக்கை போட்டு முடிவதற்குள் வேறு பரிவர்த்தனைகள் நுழையக்கூடிய பஸ்ஸாக இருந்தால், அத்தகைய இடைநிலைகள் நான்கு நிலையான நிலைகளைவிட எண்ணிக்கையில் அதிகமாகிவிடும். நெறிமுறையில் பிழைகள் ஒளிந்திருக்கும் இடமும் அவைதான்.

## வெளியேறும் வழியில் சிக்கிய பிளாக்

வரி 10-லும் இதுபோல ஒரு இடைவெளி உண்டு. P2 தன் M பிளாக்கைக் கேஷிலிருந்து எடுத்து ரைட்-பேக் பஃபரில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் P1-இன் BusRd முந்திக்கொண்டால்? P2 தன் கேஷில் மட்டும் தேடினால் பிளாக் இல்லை. கம்பி உயராது, மெமரி பழைய 7-ஐக் கொடுக்கும். சரியான 8 பஃபரில் தூங்கிக்கொண்டிருக்கும்.

எனவே ஸ்நூப் கேஷை மட்டுமல்ல, பஃபரையும் பார்க்க வேண்டும். அங்கே பிளாக் இருந்தால் அங்கிருந்தே ஃப்ளஷ் செய்துவிட்டு, காத்திருந்த BusWB-ஐ ரத்து செய்துவிடலாம், ஏனென்றால் மெமரியும் அந்த ஃப்ளஷில் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. P1 எந்த நிலைக்குப் போகும்? S என்று வைத்தால் தவறே இல்லை. S "இருக்கலாம்" என்றுதானே சொல்கிறது.

## வரி 5-உம் 6-உம் மாறி மாறி வந்தால்

P1 x-ல் எழுதியது, P0 y-ல் எழுதியது. நிரலைப் படிப்பவருக்கு இரண்டும் தனித்தனி மாறிகள், பகிர்வே இல்லை. நெறிமுறைக்குத் தெரிவது பிளாக் மட்டும். P1 தன் x-ஐயும், P0 தன் y-யையும் சுழலில் ஏற்றிக்கொண்டே போனால், பிளாக் இரண்டு கேஷ்களுக்கும் இடையே BusRd, ஃப்ளஷ், BusUpgr, BusRd, ஃப்ளஷ், BusUpgr என்று அலைந்துகொண்டே இருக்கும். போலிப் பகிர்வு என்பது இதுதான். விடை சரியாக வரும், வேகம் மட்டும் படுத்துவிடும். இரண்டு த்ரெட் போட்ட நிரல் ஒரு த்ரெட்டைவிட மெதுவாக ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது:

```
perf c2c record -- ./prog
perf c2c report
```

அறிக்கையில் HITM என்ற பத்தியைப் பாருங்கள். ஒரு கோர் படிக்கப்போனபோது அந்த பிளாக் வேறொரு கோரின் கேஷில் M-ல் இருந்தது என்பதன் எண்ணிக்கை அது. நமது தாளில் வரி 3, வரி 7. எந்த பிளாக், அதற்குள் எந்த ஆஃப்செட், எந்தக் குறியீட்டு வரி என்பதையும் காட்டும். ஒரே பிளாக்கில் வெவ்வேறு ஆஃப்செட்களை வெவ்வேறு கோர்கள் தொட்டால் அது போலிப் பகிர்வு. ஒரே ஆஃப்செட்டைத் தொட்டால் அது உண்மையான பகிர்வு, இடம் மாற்றி வைப்பதால் தீராது.

போலிப் பகிர்வுக்கு மருந்து, மாறிகளை வெவ்வேறு பிளாக்குகளுக்குப் பிரிப்பது:

```c
struct {
    _Alignas(64) long x;
    _Alignas(64) long y;
} s;
```

64 என்பது இன்றைய இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களின் பிளாக் அளவு. ஆப்பிளின் எம்1-ல் 128 பைட், அங்கே இந்த 64 போதாது. சோதித்துப் பார்ப்பவர்கள் மாறிகளை `volatile` ஆக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் கம்பைலர் சுழல் முழுவதையும் ரெஜிஸ்டரிலேயே ஓட்டிவிடும், அப்புறம் இரண்டு வடிவத்துக்கும் வேகத்தில் வித்தியாசமே தெரியாது.

## இந்தத் தாள் எதுவரை பொருந்தும்?

ஒரே பஸ்ஸில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பது சில கோர்கள் வரைதான் கட்டுப்படியாகும். ஒவ்வொரு மிஸ்ஸும் எல்லாக் கேஷ்களிலும் ஒரு தேடலைக் கிளப்புகிறது. கோர்கள் கூடக்கூட மிஸ்களும் கூடும், ஒவ்வொரு மிஸ்ஸுக்கும் தேட வேண்டிய இடங்களும் கூடும். அதனால் பெரிய அமைப்புகளில், எந்த பிளாக் யாரிடம் இருக்கிறது என்று குறித்து வைக்கும் டைரக்டரி வருகிறது. இன்வாலிடேட் அப்போது குறித்தவர்களுக்கு மட்டும் போகும். M, E, S, I நிலைகளின் பொருள் மாறாது, பஸ் பத்தியில் மட்டும் யார் யாருக்குச் செய்தி அனுப்பினார் என்று எழுத வேண்டியிருக்கும்.

நிலைகளே கூடும் வடிவங்களும் உண்டு. இன்டெல் F என்ற ஐந்தாவது நிலையைச் சேர்த்தது: S-ல் பலர் இருக்கும்போது, வரி 4-ஐப் போன்ற இடத்தில் டேட்டாவைக் கொடுக்கும் பொறுப்பு F-ல் இருக்கும் ஒருவருக்கு மட்டும். ஏஎம்டி பயன்படுத்தும் O நிலை நமது தாளை இன்னும் அதிகமாக மாற்றும். வரி 3-ல் P0 S-க்கு இறங்காமல் O-வுக்குப் போகும். டேட்டாவை P1-க்குக் கொடுக்கும், ஆனால் மெமரிக்கு எழுதாது. அந்த வரியில் நிலைகள் O, S, I, மெமரியில் 5-தான். வரி 4-ல் P2-வுக்கு மெமரி கொடுக்கக்கூடாது, கொடுத்தால் பழைய 5 போய்விடும். P0-தான் கொடுக்க வேண்டும். சரிபார்ப்பில் சொன்ன இரண்டாவது விதியும் "M-உம் O-வும் யாருமே இல்லையென்றால்" என்று மாறிவிடும். வரி 5-ல் P1 BusUpgr போடும்போது P0, O-விலிருந்து I-க்குப் போகும். மெமரியில் 5 அப்படியே நிற்க, 6 என்ற மதிப்பு மெமரியை ஒருமுறைகூட எட்டிப்பார்க்காமலேயே காலாவதியாகிவிடும்.